சொல்லிவைத்துப் போகும் ஓய்வு

பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்பது பெரிய கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லும் அமெரிக்க நிறுவனம். அங்கே வேலைக்குச் சேர்கிறவர்கள் நீண்ட நேர உழைப்புக்குத் தயாராகவே வருகிறார்கள். அவர்களை வாட்டியது வேலை நேரத்தின் நீளத்தைவிட அதன் நிச்சயமின்மைதான். இன்று மாலை வீட்டுக்குப் போகலாமா, பிள்ளையின் பள்ளி விழாவுக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுக்கலாமா என்பதை மதியம் மூன்று மணிக்குக்கூட யாராலும் சொல்ல முடியாது. ஐந்தரை மணிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தால் அந்த மாலை போய்விடும். எதுவும் வராவிட்டாலும் வந்துவிடுமோ என்ற எண்ணத்திலேயே அது கழியும்.

ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பேராசிரியர் லெஸ்லி பெர்லோ இந்த நிறுவனத்துக்குள் போய் ஒரு சோதனை நடத்தினார். ஜெசிகா போர்ட்டருடன் சேர்ந்து அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 2009 அக்டோபரில் வெளிவந்தது. அவர் கேட்டது மிகச் சிறிய விஷயம். குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு மாலை விடுப்பு. ஆறு மணிக்கு மேல் வேலை கிடையாது, மின்னஞ்சல் பார்க்கக் கூடாது, போன் எடுக்கக் கூடாது. எந்த மாலை என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். வேலை குவிந்துகிடந்தாலும் அந்த மாலை மாறாது.

வாரத்துக்கு ஒரு மாலைதானே, எல்லாரும் மகிழ்ச்சியோடு ஏற்றிருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. ஒரு மாலை விட்டால் அந்த வேலை சனி ஞாயிறில் வந்து உட்காராதா என்று பலர் கேட்டார்கள். அதைவிட ஆழமாக இருந்த பயம் ஒன்று உண்டு. ‘இவருக்கு வேலையில் அக்கறை குறைந்துவிட்டது’ என்று மேலே இருப்பவர்கள் முடிவுகட்டிவிடுவார்களோ என்ற பயம். இதற்கு முன் நடந்த முதல் சோதனை இன்னும் கடுமையானது: வாரத்தின் நடுவில் ஒரு முழுநாள் விடுப்பு. கிளையன்ட்டுக்குக் கூடுதல் செலவு வைக்காமல், அந்தக் குழுவில் ஓர் ஆளைக் கூட்டித்தான் அதை நடத்தினார்கள். அப்போதும் விடுப்பு எடுத்தவர்கள் தங்கள் மதிப்பீடு என்னவாகுமோ என்ற கவலையோடுதான் எடுத்தார்கள்.

இந்தப் பயத்தை வீண்பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஓய்வைப் பற்றி எழுதுகிற பலர் ‘முடியாது என்று சொல்லப் பழகுங்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்படிச் சொன்னவருக்கு அப்ரைசலில் என்ன ஆகிறது என்பதுதான் சம்பளம் வாங்குகிற ஒவ்வொருவரின் கேள்வி. அந்தக் கேள்விக்கு நேரடியான பதில் தரும் ஓர் ஆய்வு இருக்கிறது. பெர்லோவின் சோதனையையும் அந்த ஆய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான், எந்த எல்லை ஒருவரின் பெயரைக் கெடுக்கிறது, எது கெடுப்பதில்லை என்பது விளங்கும்.

எரின் ரீட் என்ற ஆய்வாளர் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 2015-இல் அந்த ஆய்வை வெளியிட்டார். அவர் ஆராய்ந்ததும் ஓர் ஆலோசனை நிறுவனத்தைத்தான். அதன் பெயரை அவர் வெளியிடவில்லை. வேலையே உலகம் என்று இருப்பவர்தான் நல்ல ஊழியர் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் பேசியதில், அந்தச் சட்டத்தை ஊழியர்கள் மூன்று விதமாகக் கையாள்வது தெரியவந்தது. ஒரு பகுதியினர் அதை அப்படியே ஏற்று உழைத்தார்கள். இன்னொரு பகுதியினர் சத்தமில்லாமல் தங்கள் வேலையைச் சுருக்கிக்கொண்டார்கள். ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் கிளையன்ட்டுகளாகப் பார்த்துப் பிடிப்பது, பயணத்துக்குப் பதில் போனில் பேசி முடிப்பது, ஒரே மனநிலை உள்ள சகாக்களோடு ஒருவர் இடத்தை இன்னொருவர் பார்த்துக்கொள்வது என்று அவர்களின் வழிகள் இருந்தன. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. யாருக்கும் தெரியவும் இல்லை. மூன்றாவது பகுதியினர் மேலதிகாரியிடம் போய் முறையாகக் கேட்டவர்கள்: எனக்குப் பயணத்தைக் குறையுங்கள், எனக்கு விடுப்பு கொடுங்கள் என்று.

விளைவுதான் மனத்தை உறுத்துவது. சத்தமில்லாமல் குறைத்துக்கொண்டவர்களுக்கும் முழுமூச்சாக உழைத்தவர்களுக்கும் மதிப்பீட்டில் வேறுபாடு இல்லை. மேலதிகாரிகளால் இருவரையும் பிரித்தறிய முடியவில்லை. ஒருவர் ஒரு வாரத்தின் ஐந்து வேலைநாளும் பனிச்சறுக்கு விளையாடப் போய்விட்டு, காலையிலும் மாலையிலும் மட்டும் போன் அழைப்புகளை எடுத்திருக்கிறார். அவருடைய மூத்தவர் அவரைப் பற்றிச் சொன்னது, வளர்ந்துவருகிற நட்சத்திரம், தன்னைவிடக் கடுமையாக உழைப்பவர் என்பதே. வெளிப்படையாகக் கேட்டவர்களின் மதிப்பெண் மட்டும் சரிந்தது. குழந்தை பிறந்ததற்காக முறைப்படி விடுப்புக் கேட்டு ஆறு வாரம் வீட்டில் இருந்த ஒரு தந்தைக்கும் அதுவே நடந்தது. சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொண்டவர்கள் ஆண்களில் சுமார் 31 விழுக்காடு, பெண்களில் 11 விழுக்காடு. பெண்கள் அதிகமாக முறையான வழியில் கேட்டார்கள். தண்டனையும் அவர்களுக்கே அதிகமாக விழுந்தது.

இதிலிருந்து ‘பொய்யாக நடித்தால் போதும்’ என்ற பாடத்தை எடுத்துக்கொள்வது சுலபம். ஆனால் நடிப்பவரின் ஓய்வு அரை ஓய்வுதான். பிடிபடும் வரை மட்டுமே நிற்பது. ரீடின் ஆய்வு காட்டுகிற முக்கியமான உண்மை வேறு. அந்த நிறுவனத்தில் வேலையின் தரம் குறைந்ததற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. ‘எனக்கு மட்டும் விதிவிலக்கு’ என்று தனியாளாகக் கேட்டதற்காகத்தான் தண்டிக்கப்பட்டார்கள். கேட்ட அந்தக் கணத்திலேயே அவர் மற்றவர்களிலிருந்து பிரிந்து, ‘முழுமனதாக இல்லாதவர்’ என்ற பட்டியலில் போய்விட்டார்.

பெர்லோவின் சோதனை வெளிப்படையாகவே நடந்தும் யார் பெயரும் கெடாமல் போனதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. அங்கே யாரும் தனியாகச் சலுகை கேட்கவில்லை. குழு முழுவதற்கும் ஒரே விதி. அந்த மாலையை எடுக்காமல் வேலை பார்ப்பதுதான் விதியை மீறுவது. எனவே எடுத்தவரைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கும் இடமில்லை.

அதைச் செயல்படுத்திய விதத்தையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒருவர் செவ்வாய்க்கிழமை மாலை இல்லையென்றால் அவருடைய வேலை இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதுவரை ஒவ்வொருவரும் தங்கள் பகுதியைத் தங்கள் தலைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். இப்போது அதைப் பகிர வேண்டிய கட்டாயம் வந்தது. வாரம் ஒருமுறை குழு கூடி நான்கு கேள்விகளுக்கு ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். எப்படி இருக்கிறீர்கள், கிளையன்ட்டுக்கு உண்மையில் பயனுள்ளதைச் செய்கிறோமா, நீங்கள் கற்றுக்கொள்வது திருப்தியாக இருக்கிறதா, இப்போது வேலை நடக்கிற விதத்தில் உங்களால் தொடர்ந்து தாக்குப்பிடிக்க முடியுமா. கடைசிக் கேள்வி வந்ததும், யாருக்கும் தேவைப்படாத அறிக்கைகள், இரவு பதினொரு மணிக்குத் திருத்தி மறுநாள் காலை மறுபடி திருத்துகிற பக்கங்கள் போன்றவை பேச்சுக்கு வந்தன. ஒரு மாலையைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் வெட்டி வேலையைக் கண்டுபிடிக்கத் தொடங்கினார்கள்.

இந்த ஏற்பாட்டில் இருந்த குழுக்களில் ‘காலையில் வேலைக்குக் கிளம்ப உற்சாகமாக இருக்கிறது’ என்று சொன்னவர்கள் 51 விழுக்காடு. மற்றக் குழுக்களில் 27 விழுக்காடு. வேலையில் திருப்தி என்று சொன்னவர்கள் 72, மற்ற இடத்தில் 49. நான்கு ஆண்டுகளுக்குள் 30 நாடுகளில் அந்த நிறுவனத்தின் 900-க்கும் மேற்பட்ட குழுக்கள் இதை மேற்கொண்டன. கிளையன்ட்டுகள் ஓடிப்போயிருந்தால் இத்தனை தூரம் இது பரவியிருக்காது.

ஒரே ஒரு மாலை இவ்வளவு செய்ததற்குக் காரணம் உண்டு. இரவில் வந்த செய்திக்கு ஒருவர் உடனே பதில் போட்டால், அடுத்த முறையும் உடனே வரும் என்று அனுப்பியவர் எதிர்பார்க்கத் தொடங்குகிறார். எதிர்பார்ப்பு ஏறுவதால் இவரும் இன்னும் வேகமாகப் பதில் தருகிறார். யாரும் உத்தரவு போடாமலேயே இரவு முழுவதும் வேலை நேரமாகிவிடுகிறது. இந்தச் சுழலின் விலை தூக்கத்தில் தெரிகிறது. வேலைக்காக இரவு ஒன்பது மணிக்கு மேல் போனைப் பார்த்தவர்கள் குறைவாகத் தூங்கினார்கள், மறுநாள் வேலையில் சுரத்து குறைந்திருந்தார்கள் என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. செய்தி வராத இரவிலும் வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பே மனத்தைச் சோர்வாக்குகிறது என்று லியூபா பெல்கின், வில்லியம் பெக்கர், சமந்தா கான்ராய் ஆகியோர் 2016-இல் எழுதினார்கள். ‘இன்று நிச்சயமாக வராது’ என்ற ஓர் இரவு, ‘அநேகமாக வராது’ என்ற நான்கு இரவுகளைவிட மேலானதாக இருப்பது அதனால்தான்.

அனுப்புகிறவர் அந்த அவசரத்தைக் கேட்கவே இல்லை என்பது இன்னொரு செய்தி. லாரா ஜியுர்ஜே, வனெசா போன்ஸ் இருவரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வேலை நேரத்துக்கு வெளியே அவசரமில்லாத மின்னஞ்சல் பெறுகிறவர், அனுப்பியவர் உண்மையில் எதிர்பார்த்ததைவிட வேகமான பதிலை எதிர்பார்ப்பதாக எண்ணிக்கொள்கிறார் என்று கண்டார்கள். அனுப்பியவர் மறந்துவிடாமல் இருக்க ஒரு வரி எழுதிவிட்டுப் படுக்கப் போயிருப்பார். பெற்றவர் எழுந்து உட்கார்ந்து கணினியைத் திறக்கிறார். ‘இது அவசரமில்லை, வேலை நேரத்தில் பார்த்தால் போதும்’ என்று அனுப்புகிறவர் ஒரு வரி சேர்த்தாலே இந்த இடைவெளி சுருங்கியது. டீம் லீடாக இருக்கிற ஒருவர் நாளையிலிருந்தே செய்யக்கூடிய, காசு செலவில்லாத காரியம் இது.

பாஸ்டனில் மாலை ஆறு மணி என்று கோடு போடலாம். சென்னை ஓ.எம்.ஆரில் அமெரிக்க கிளையன்ட்டோடு வேலை செய்கிறவருக்கு அது பொருந்தாது. நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்பது கோடையில் இங்கே மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அங்கே அலுவலகம் மூடும்போது இங்கே நள்ளிரவு தாண்டி இரண்டரை அல்லது மூன்றரை. கிளையன்ட் விழித்திருக்கும் நேரமே இங்குள்ளவரின் குடும்ப நேரமும் தூக்க நேரமும். ஆகவே அதே ஏற்பாட்டை இங்கே செய்வது எப்படி என்பதை ஒரு கற்பனைக் குழுவை வைத்துப் படிப்படியாகப் பார்க்கலாம்.

சோழிங்கநல்லூரில் ஐந்து பேர் கொண்ட ஒரு குழு. கிளையன்ட் நியூயார்க்கில் உள்ள ஒரு காப்பீட்டு நிறுவனம். தினமும் இரவு ஏழு மணிக்கு ஸ்டேட்டஸ் கால். அது முடிந்த பிறகும் இரவு ஒரு மணி வரை சாட்டிலும் மின்னஞ்சலிலும் ஏதாவது வந்துகொண்டே இருக்கும். குழுவில் பில்லிங் பகுதியைப் பார்க்கிற பெண்ணுக்கு ஐந்து வயதில் ஒரு குழந்தை. அவர் மேனேஜரிடம் போய் ‘ராத்திரி வேலை என்னால் முடியவில்லை’ என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை ரீடின் ஆய்வு ஏற்கெனவே சொல்லிவிட்டது. அதனால் அவர் வேறு இடத்தில் தொடங்குகிறார்.

முதல் இரண்டு வாரம் அவர் எதையும் மாற்றுவதில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் வந்த ஒவ்வொரு செய்தியையும் ஒரு தாளில் குறிக்கிறார்: எத்தனை மணிக்கு வந்தது, யார் அனுப்பினார், காலைக்குள் பதில் போகாவிட்டால் என்ன கெட்டிருக்கும். நாற்பது செய்திகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் பாதிக்கு மேல் வெறும் தகவலுக்காக இவர் பெயரையும் சேர்த்து அனுப்பியவை. பத்துப் பதினைந்து செய்திகள் பதில் தேவைப்பட்டவை, ஆனால் நேரம் இருந்தது. உண்மையில் அந்த இரவே கை வைக்க வேண்டியிருந்தவை மூன்றுதான். மூன்றும் ஒரே வகை. இரவில் தானாக ஓடுகிற பேட்ச் ஜாப் பாதியில் நின்றுபோய், அதை மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது.

நடுவில் உள்ள அந்தப் பத்துப் பதினைந்து செய்திகளில்தான் நேர வித்தியாசம் துணைக்கு வருகிறது. கோடையில் கிளையன்ட் பிற்பகல் மூன்று மணிக்குக் கேட்ட கேள்வி சென்னைக்கு இரவு பன்னிரண்டரைக்கு வருகிறது. இவர் தூங்கி எழுந்து காலை பத்து மணிக்குப் பதில் அனுப்பினால் நியூயார்க்கில் அப்போதும் நள்ளிரவு பன்னிரண்டரை. கிளையன்ட் காலையில் வந்து பெட்டியைத் திறக்கும்போது பதில் அங்கே இருக்கிறது. இரவே உட்கார்ந்து தூக்கக் கலக்கத்தில் அனுப்பிய அரைகுறைப் பதிலைவிட, யோசித்து எழுதிய முழுப் பதில் அவருக்கும் நல்லது. ‘உங்கள் காலை ஒன்பது மணிக்குள் பதில் இருக்கும்’ என்று ஒரு வாக்கை முன்கூட்டியே கொடுத்து, ஒரு நாளும் தவறாமல் காப்பாற்றினால், இவர் பெயர் அந்த வாக்கில்தான் நிற்கும். நள்ளிரவில் பச்சை விளக்கு எரிகிறதா என்பதில் நிற்காது.

மீதி இருப்பது அந்த மூன்று. பேட்ச் ஜாப் நின்றால் என்ன பார்க்க வேண்டும், எந்தப் பதிவைத் திறக்க வேண்டும், எந்த வரிசையில் மறுபடி ஓட்ட வேண்டும், எந்த நிலையில் ஓட்டாமல் விட்டுவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும் என்பதையெல்லாம் அவர் ஒரே பக்கத்தில் எழுதுகிறார். எழுதிக் கொடுப்பதோடு முடிவதில்லை. பக்கத்து இருக்கைக்காரரை உட்காரவைத்து, தான் கையை வைக்காமல் இரண்டு முறை அவரையே செய்யச் சொல்கிறார். எழுதியதில் விட்டுப்போன இடங்கள் அப்போதுதான் தெரியும். ஒரு கடவுச்சொல் இவரிடம் மட்டும் இருக்கும். ஓர் அனுமதி அவருக்கு இல்லாமல் இருக்கும். ‘நான்தான் பார்க்க வேண்டும்’ என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பதன் பின்னால் பெரும்பாலும் இப்படிப்பட்ட கொடுக்கப்படாத அனுமதி ஒன்றுதான் ஒளிந்திருக்கிறது.

இதற்குப் பிறகுதான் மேனேஜரிடம் பேச்சு. அதையும் தனக்காக மட்டும் கேட்பதில்லை.

“சார், ரெண்டு வாரமா ராத்திரி வர்ற மெசேஜை எல்லாம் குறிச்சு வச்சேன். உடனே பார்க்க வேண்டியது மூணுதான் இருந்துச்சு. அஞ்சு பேர் இருக்கோம், திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் ஆளுக்கு ஒரு ராத்திரி, ஸ்டேட்டஸ் கால் முடிஞ்சதும் லைன்ல இல்லாம இருந்து பார்க்கலாமா? அன்னிக்கு யார் பேக்கப்னு கிளையன்ட்டுக்கு முன்னாடியே சொல்லிடலாம். ஆறு வாரம் பார்ப்போம், சரியா வரலைன்னா விட்டுடலாம்.”

இந்தப் பேச்சில் குறையோ புலம்பலோ இல்லை. கையில் ஆதாரம் இருக்கிறது, மாற்று ஆள் இருக்கிறார், ஒரு கெடு இருக்கிறது. மேனேஜருக்கு உள்ளூர இருக்கிற பயம், ஏதாவது கெட்டுப்போனால் கிளையன்ட் முதலில் தன்னைத்தான் கூப்பிடுவார் என்பது. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல் எந்த ஏற்பாடும் நிற்காது. எனவே அவசரம் என்றால் என்ன என்பதையும் அப்போதே எழுதிவைக்க வேண்டும்: புரொடக்‌ஷனில் பணம் சம்பந்தப்பட்ட ஓட்டம் நின்றுவிட்டால், அல்லது கிளையன்ட்டின் வாடிக்கையாளர்கள் உள்ளே நுழைய முடியாமல் போனால், போன். சாட் கிடையாது, மின்னஞ்சல் கிடையாது, போன் மட்டும். அதுவும் முதலில் பேக்கப்புக்கு. அவசரத்துக்கு ஒரே ஒரு வழியை வைத்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் நிம்மதியாக அணைத்துவைக்கலாம். எது வழியாகவும் அவசரம் வரலாம் என்று விட்டால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதாகிவிடும்.

மூன்றாவது வாரத்தில் சோதனை வரும். புதன்கிழமை அவருடைய இரவு. ஒன்பதரைக்கு மேனேஜர் ஒரு சின்ன எண்ணைச் சரிபார்க்கக் கூப்பிடுகிறார். இவர் எடுத்து, இரண்டு நிமிஷ வேலைதானே என்று செய்து கொடுத்துவிட்டால் ஏற்பாடு அன்றோடு முடிந்தது. அடுத்த புதன்கிழமை மேனேஜர் யோசிக்காமல் கூப்பிடுவார். கோபித்துக்கொண்டு எடுக்காமல் விட்டு, மறுநாளும் வாயைத் திறக்காமல் இருந்தாலும் கெட்டபெயர்தான். நடுவில் ஒரு வழி இருக்கிறது. பேக்கப் அந்த அழைப்பை எடுத்து, தெரிந்ததைச் சொல்கிறார். மறுநாள் காலை இவருடைய முதல் செய்தி அந்த எண்ணோடு மேனேஜருக்குப் போகிறது. அந்த வாரக் கூட்டத்தில், யாரையும் குற்றம் சொல்லாமல், ‘இந்த எண் எங்கே இருக்கும்னு எல்லாருக்கும் தெரியுற மாதிரி ஓர் இடத்துல போட்டுடலாம்’ என்று பேசுகிறார். எல்லை உடைந்த இடம் ஒவ்வொன்றும், யாருக்கோ எங்கேயோ ஒரு தகவல் கைக்கெட்டாமல் இருந்த இடம். அதைச் சரிசெய்தால் அடுத்த அழைப்பு வராது.

எல்லையை உடைப்பவர் பெரும்பாலும் அதை வகுத்தவரே என்பதையும் சொல்ல வேண்டும். விடுப்பு இரவில் சும்மா ஒரு தடவை சாட்டைத் திறந்து, கண்ணில் பட்டதற்குக் கட்டைவிரல் குறி ஒன்றைப் போட்டுவிடுகிறார். அது பத்துப் பேர் கண்ணில் படுகிறது: ‘ஆள் லைனில்தான் இருக்கிறார்’. வேலைக்கான செயலிகளின் அறிவிப்பை அந்த இரவு முழுவதும் அணைத்துவைப்பது தன்னடக்கத்தை நம்புவதைவிட நல்லது. தோன்றியதை எழுதிவைக்க வேண்டுமானால் எழுதலாம். அனுப்பும் நேரத்தை மறுநாள் காலைக்குக் குறித்துவைக்கும் வசதி இப்போது பல மின்னஞ்சல் சேவைகளில் இருக்கிறது.

நவம்பர் முதல் ஞாயிறு வந்தால் அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். ஏழு மணி கால் எட்டு மணிக்குத் தள்ளிப்போகும்; மார்ச்சில் மறுபடி திரும்பும். பல குழுக்களில் இரவு ஓய்வு கரைந்துபோவது இந்த வாரத்தில்தான். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. ஒரு மணி நேரம் தானாக நழுவிவிடுகிறது. அக்டோபர் கடைசியிலேயே குழு உட்கார்ந்து, காலை வருகை நேரத்தையும் ஒரு மணி நேரம் தள்ளிவைப்பதாக எழுத்தில் முடிவு செய்துவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலை நேர விதி ஒரு நாளின் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவில் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. இந்தியாவில் அந்த விதி செல்லாது. ஆனால் அளவுகோலாக எடுத்துக்கொள்ளத் தடையில்லை. இரவு பதினொன்றரைக்குக் கணினியை மூடியவர் காலை பத்தரைக்கு முன் ஒரு கூட்டத்திலும் இருக்கக் கூடாது என்று குழுவுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாடு நிற்காத இடங்களும் உண்டு. ஐந்து பேர் செய்ய வேண்டியதை மூன்று பேர் செய்கிற குழுவில், ஒருவருடைய விடுப்பு இரவு இன்னொருவருக்கு இரட்டை இரவாகிவிடும். பேக்கப் இரவுகளில் ஒவ்வொருவருக்கும் எத்தனை அழைப்பு வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். ஆறு வாரமாகியும் எண்ணிக்கை குறையவில்லை என்றால் பிரச்சினை பழக்கத்தில் இல்லை, ஆள் பற்றாக்குறையில் இருக்கிறது. அப்போது அந்த எண்ணிக்கையைக் காட்டி ஆள் கேட்க வேண்டும். கூகுள் நிறுவனத்தின் பொறியாளர்கள் தங்கள் ஆன்-கால் முறையைப் பற்றி எழுதிய புத்தகத்தில், ஒரே ஊரில் இருந்துகொண்டு இருபத்து நான்கு மணி நேரமும் ஒரு சேவையைப் பார்த்துக்கொள்ள குறைந்தது எட்டுப் பேர் வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மூன்று பேரை வைத்துக்கொண்டு இரவும் பகலும் ஓட்டுகிற மேனேஜருக்கு அந்த எட்டு என்ற எண் தெரிந்திருப்பது நல்லது.

புதிதாகச் சேர்ந்தவர், ஒப்பந்தத்தில் இருப்பவர், நோட்டீஸ் காலத்து அச்சத்தில் இருப்பவர் ஆகியோரால் இந்தப் பேச்சைத் தொடங்கவே முடியாது. அவர்களுக்காக இதைத் தொடங்க வேண்டியவர் குழுவில் பெயர் பெற்றுவிட்ட மூத்தவர். பாஸ்டன் நிறுவனத்திலும் டெபோரா லோவிச் போன்ற பங்குதாரர்கள் பின்னால் நின்றதால்தான் இளையவர்கள் துணிந்து மாலையை எடுத்தார்கள். மூத்தவர் தன்னுடைய இரவை எடுக்காமல் மற்றவர்களை மட்டும் ‘நீங்க எடுத்துக்கோங்க’ என்று சொன்னால் ஒருவரும் எடுக்க மாட்டார்கள்.

சில நாடுகளில் இதைச் சட்டம் தொட்டிருக்கிறது. பிரான்சில் 2017 ஜனவரி முதல், குறைந்தது 50 பேர் உள்ள நிறுவனங்கள் வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பு கொள்வது பற்றி ஊழியர்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்பை எடுக்க மறுக்க ஊழியருக்கு உரிமை உண்டு, அந்த மறுப்பு நியாயமற்றதாக இல்லாத வரை. எது நியாயமற்றது என்று பார்க்கும்போது, எதற்காகக் கூப்பிட்டார்கள், எந்த வழியில் கூப்பிட்டார்கள், அதற்குப் பணம் தரப்படுகிறதா, அவருடைய பொறுப்பு எத்தகையது, குடும்பச் சூழ்நிலை என்ன என்பவையெல்லாம் கணக்கில் வரும். இந்தியாவில் 2018 இறுதியில் சுப்ரியா சுலே மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. எனவே இங்கே ஊழியருக்குக் குழுவின் ஒப்பந்தமே காப்பு. அது எழுத்தில் இருக்க வேண்டும்.

அந்த எழுத்து அப்ரைசல் சமயத்தில் கை கொடுக்கும். தன்மதிப்பீட்டுப் படிவத்தில், ‘பில்லிங் பகுதியை இப்போது இருவர் பார்க்க முடியும், மீட்பு வழிமுறை எழுதப்பட்டிருக்கிறது, கிளையன்ட் கேள்விகளுக்கு அவர்கள் காலை ஒன்பது மணிக்குள் பதில் போய்விடுகிறது’ என்று அந்தப் பெண் தேதிகளோடு எழுதலாம். ஓய்வுக்காகச் செய்தவைதான் இவை. ஆனால் ஒவ்வொன்றும் மேனேஜர் தன் மேலதிகாரியிடம் காட்டிக்கொள்ளக்கூடிய வேலை. இதற்குப் பிறகும் ரேட்டிங் சரிந்தால், எந்த வேலை, எந்தத் தேதி, என்ன குறை என்று மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். குறிப்பான பதில் வந்தால் திருத்திக்கொள்ளலாம். ‘உங்க ஈடுபாடு பத்தல’ என்பதற்கு மேல் ஒரு வரியும் வராவிட்டால், ரீடின் ஆய்வில் வந்த அந்த நிறுவனத்தைப் போன்ற இடத்தில்தான் இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். வேறு குழுவுக்கு மாற்றம் கேட்பதா, வேறு வேலை தேடுவதா என்பதை அதைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்யலாம்.